நச்சரிக்காமல் முடிவு கேட்பது எப்படி?

மாண்ட்ரியலில் ஜூலை பிறந்தாலே அலுவலகங்களில் ஒரு பரபரப்பு தெரியும். கியூபெக் மாகாணத்தில் அந்த மாதத்தின் கடைசி இரண்டு முழு வாரங்கள் கட்டுமானத் துறைக்கு விடுமுறை. அந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத பலரும் அப்போதுதான் விடுப்பு எடுக்கிறார்கள். தீர்மானிக்க வேண்டியவர் அதற்குள் வாய் திறக்காவிட்டால், ஆகஸ்டில்தான் அடுத்த பேச்சு.

இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது கூடுதல் சங்கடம். பெரியவர்களை, மேலதிகாரிகளைத் திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஒன்று, கேட்காமலே இருந்துவிடுகிறோம். இல்லையென்றால் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சூடாக ஒரு மெயில் அனுப்புகிறோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட மென்பொருள் குழு, ஒரு கடைக்கு இணையதளம் கட்டுகிறது. வாடிக்கையாளர் பணம் செலுத்த, பழைய பேமென்ட் நிறுவனத்தையே வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்று நிதி இயக்குநர் சொல்ல வேண்டும். கார்டு மறுக்கப்பட்டால் திரையில் வரும் அறிவிப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கியூபெக்கில் வியாபாரம் செய்யும் தளம் பிரெஞ்சிலும் இருந்தாக வேண்டும் என்பதால், முடிவு தெரியும்வரை மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை கொடுக்க முடியாது. ஒரு பதிலுக்காக நிரல் எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், சோதனை செய்பவர் என மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் போகும் மெயில், “ஏதாவது முடிவானதா? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்” என்பதுதான். சொற்கள் பணிவானவை. ஆனாலும் அது உறுத்தும். ஏனென்றால் அதில் இருப்பது அவருடைய தாமதம் மட்டுமே. எதை முடிவு செய்ய வேண்டும் என்பதை அவர் பழைய மெயில்களில் தேடிப் பிடிக்க வேண்டும்.

அதையே இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். பேமென்ட் நிறுவனம் பற்றி உங்கள் முடிவு ஒன்று தேவைப்படுகிறது. பழையதே தொடர்ந்தால் ஆகஸ்ட் 18-இல் தளத்தைத் திறக்கலாம். புதியதில் கமிஷன் குறைவு. ஆனால் இணைக்க மூன்று வாரம் கூடுதலாகும். இப்போதைக்குப் பழையதே போதும், ஜனவரியில் மாறலாம் என்பது எங்கள் பரிந்துரை. மொழிபெயர்ப்பாளர் வெள்ளிக்கிழமை விடுப்பில் போகிறார். புதன்கிழமைக்குள் ‘பழையது’ அல்லது ‘புதியது’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். அதற்குள் முடியாவிட்டால் நாங்கள் வேறு பக்கங்களைக் கவனிக்கிறோம்; திறப்பு செப்டம்பருக்குப் போகும்.”

இதில் கெடு இருக்கிறது. ஆனால் அந்தக் கெடுவை வைத்தது மொழிபெயர்ப்பாளரின் விடுப்பு. காரணம் தெரிந்த கெடு யாரையும் புண்படுத்தாது. ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிவதால், அவர் கைபேசியிலேயே வேலையை முடித்துவிடலாம்.

கடைசி வரியில்தான் கவனம் வேண்டும். “பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்” என்பது உலக அரங்கிலும் உள்ள வழக்கம். 2020-இல் கொரோனாவால் கூடிப் பேச முடியாதபோது ஐ.நா. பொதுச்சபை இதைத்தான் செய்தது. வரைவைச் சுற்றுக்கு விட்டு, குறைந்தது 72 மணி நேரக் கெடுவுக்குள் எந்த நாடும் ஆட்சேபிக்காவிட்டால் நிறைவேறியதாகக் கொண்டார்கள். ஆனால் அந்த விதியை நாடுகள் முன்பே ஏற்றிருந்தன. நம் அலுவலகத்தில் பொத்தானின் நிறம், பக்கத்தின் வரிசை போல நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடியவற்றுக்கு இது சரி. பணமோ ஒப்பந்தமோ சம்பந்தப்பட்டால் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கவே கூடாது. அதனால்தான் மேலே உள்ள மெயில், பதில் இல்லாவிட்டால் பழைய நிறுவனத்தோடு தொடர்வோம் என்று சொல்லவில்லை. தேதி தள்ளிப்போகும் என்று மட்டும் சொல்கிறது.

இதற்கும் பதில் இல்லையா? அதே மெயிலைத் திரும்ப அனுப்பாதீர்கள். நேரில் போய், “முடிவெடுக்க இன்னும் எந்த விவரம் வேண்டும்?” என்று கேளுங்கள். “யோசித்துச் சொல்கிறேன்” என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கணக்கு குறைகிறது. ஆண்டுக்குக் கமிஷன் எவ்வளவு மிச்சமாகும் என்ற ஒற்றை எண்ணாகக்கூட இருக்கலாம். “அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்றால், முடிவெடுக்கும் அதிகாரம் இவரிடம் இல்லை. நீங்கள் தட்டியது தவறான கதவு. மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தாலும், முதலில் இவரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் இவரையும் சேர்த்துக்கொண்டே போங்கள்.

முடிவைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமலே இருந்து, கடைசி நாளில் “உங்களால்தான் தாமதம்” என்று கைகாட்டுவதுதான் மரியாதைக் குறைவு. உங்கள் வேலையும் அப்படியொரு முடிவுக்காகத் தேங்கிக் கிடந்தால், இன்றே எழுதுங்கள்.