தடையுறு அலைவும் ஒற்றை எண்ணும்

நுழையும்முன்

மகிழுந்தைப் பழுதுபார்க்கும் பணிமனையில் எளிய சோதனையொன்று வழக்கத்தில் உள்ளது. பணியாளர் வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்திக் கீழிறக்கி, சட்டென்று விட்டுவிடுகிறார். மேலெழுந்த வண்டி ஏறத்தாழ ஓர் அலைவிலேயே அடங்கிவிட்டால், ஷாக் அப்சார்பர் என வழங்கும் அதிர்வுத் தாங்கி நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு முறை ஏறி இறங்கினால் அது தேய்ந்துவிட்டது. வண்டியின் நிறையையோ சுருள்வில்லின் விறைப்பையோ அவர் அளந்து பார்ப்பதில்லை. அலைவுகளை மட்டுமே எண்ணுகிறார். அத்தனை அளவுகளையும் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் நம்ப முடிவது எவ்வாறு? தடையுறு அலைவின் சமன்பாட்டிலிருந்து அலகுகளை நீக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

சமன்பாடும் அதன் துணையலகுகளும்

m நிறையுள்ள பொருள், k மாறிலி கொண்ட சுருள்வில்லில் அலைவுறுகிறது எனக் கொள்க. திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில் ஒரு தடைவிசை அதன் மீது செயல்படுகிறது. அவ்விகித மாறிலி c ஆகும். சமநிலைப் புள்ளியிலிருந்து இடப்பெயர்ச்சி x எனில்,

m d²x/dt² + c dx/dt + k x = 0

பொருள் A தொலைவு இழுக்கப்பட்டு, ஓய்வுநிலையிலிருந்து விடப்படுகிறது. எனவே t = 0 எனும்போது x = A, dx/dt = 0.

இங்கு m, c, k, A என நான்கு துணையலகுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகளைக் கொடுத்து ஆராய முற்பட்டால் பத்தாயிரம் வரைபடங்கள் வரைய வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வரைபடத்தை நீட்டியும் சுருக்கியும் வரைந்தவையே என்பதை இனிக் காணலாம்.

அளவுகோலைத் தேர்ந்தெடுத்தல்

மீட்டரும் நொடியும் மனிதர் வகுத்த அலகுகள். அலைவுறும் பொருளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அமைப்புக்குள்ளேயே நீளத்துக்கும் காலத்துக்கும் பொருத்தமான அளவுகோல்கள் இருக்கின்றன. நீளத்துக்கு இயல்பான அளவுகோல் தொடக்க இடப்பெயர்ச்சியாகிய A. காலத்துக்கு உரியதைக் காணப் பரிமாணங்களை நோக்குக. m இன் அலகு கிலோகிராம். k இன் அலகு கிலோகிராம்/நொடி². ஆகவே √(m/k) என்பது நொடியில் அமையும். இதனை T எனக் குறிப்பிடுக. தடையில்லாத அலைவின் அலைவுநேரம் 2πT என்பது முன்னரே அறிந்தது.

இனி, இடப்பெயர்ச்சியை A இன் மடங்காகவும் காலத்தை T இன் மடங்காகவும் எழுதுக:

x = A X, t = T τ

X, τ இரண்டும் அலகற்ற வெறும் எண்கள். சங்கிலி விதிப்படி,

dx/dt = (A/T) dX/dτ
d²x/dt² = (A/T²) d²X/dτ²

இரண்டாம் வகைக்கெழுவில் T இருமுறை வகுப்பதைக் கவனிக்க வேண்டும். இப்படியில் T² க்கு மாறாக T என எழுதிவிடுவது மாணவரிடையே அடிக்கடி நேரும் பிழை. இவற்றைச் சமன்பாட்டில் பிரதியிட்டு, முழுவதையும் kA ஆல் வகுத்தால்,

(m/kT²) d²X/dτ² + (c/kT) dX/dτ + X = 0

T² = m/k ஆதலால் முதற்கெழு 1 ஆகிறது. இரண்டாம் கெழு c/√(mk) ஆகிறது. இதனை 2ζ என எழுதுவது மரபு:

d²X/dτ² + 2ζ dX/dτ + X = 0, ζ = c / (2√(mk))

தொடக்க நிபந்தனைகளையும் மறவாது மாற்ற வேண்டும்: τ = 0 எனும்போது X = 1, dX/dτ = 0. இவற்றில் துணையலகு எதுவும் எஞ்சவில்லை. நான்கு துணையலகுகள் இருந்த இடத்தில் தடையுறு விகிதம் எனப்படும் ζ மட்டுமே நிற்கிறது.

விடையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. c இன் அலகு கிலோகிராம்/நொடி. √(mk) இன் அலகும் அதுவே. எனவே ζ வெறும் எண். எந்தக் கெழுவிலாவது அலகு எஞ்சியிருந்தால், முந்தைய படிகளுள் ஒன்றில் பிழை நேர்ந்துள்ளது என்று அறியலாம்.

நான்கு ஒன்றாகக் குறைந்தது தற்செயலன்று. துணையலகுகள் நான்கு, அவற்றில் இடம்பெறும் அடிப்படைப் பரிமாணங்கள் நிறை, நீளம், காலம் என மூன்று, வேறுபாடு ஒன்று. இத்தகைய கணக்கீட்டுக்குரிய பொது விதியை எட்கர் பக்கிங்காம் 1914 இல் வெளியிட்ட கட்டுரையால் அது அவர் பெயரோடு இணைத்து வழங்கப்படுகிறது.

இரு அமைப்புகள், ஒரே வரைபடம்

மகிழுந்தின் ஒரு சக்கரத்தின் மீதுள்ள பகுதிக்கு m = 250 கிலோகிராம், k = 16000 நியூட்டன்/மீட்டர் எனக் கொள்க. டயரின் நெகிழ்ச்சி இங்குப் புறக்கணிக்கப்படுகிறது. √(mk) = 2000 கிலோகிராம்/நொடி; T = 0.125 நொடி. தேய்ந்த அதிர்வுத் தாங்கிக்கு c = 400 கிலோகிராம்/நொடி எனில், ζ = 400/4000 = 0.1.

ஆய்வகத்தில் தொங்கும் சிறு சுருள்வில்லுக்கு m = 0.4 கிலோகிராம், k = 10 நியூட்டன்/மீட்டர், c = 0.4 கிலோகிராம்/நொடி எனக் கொள்க. √(mk) = 2 கிலோகிராம்/நொடி; T = 0.2 நொடி; ζ = 0.4/4 = 0.1.

தடை மாறிலிகள் ஆயிரம் மடங்கு வேறுபடுகின்றன. ஆயினும் இரண்டுக்கும் ζ ஒன்றே. ஆகவே τ க்கு எதிராக X ஐ வரைந்தால், வண்டியின் வரைபடமும் ஆய்வகச் சுருள்வில்லின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மேசைமேல் ஆடும் சிறு பொருள் வண்டியின் மாதிரியாகிவிடுகிறது. கிடைத்த முடிவை வண்டிக்குரியதாக்க, X ஐ வண்டியின் A ஆலும், τ வை 0.125 நொடியாலும் பெருக்கினால் போதும்.

பணிமனைச் சோதனையின் விளக்கம்

ζ இன் மதிப்பு 1 ஐவிடக் குறைவெனில் பொருள் அலைவுற்று அடங்குகிறது. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமையும் இரு வீச்சுகளுள் பிந்தையதை முந்தையதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்,

e^(−2πζ/√(1−ζ²))

இதில் ζ ஐத் தவிர வேறெதுவும் இல்லை. ζ = 0.1 எனில் விகிதம் ஏறத்தாழ 0.53. வண்டியை 5 செ.மீ. அழுத்தி விட்டால், அடுத்தடுத்த வீச்சுகள் ஏறத்தாழ 2.7, 1.4, 0.75 செ.மீ. என அமையும், மூன்று அலைவுகள் கண்ணுக்குத் தெரியும். தாங்கி நன்றாக இருந்து c = 1200 கிலோகிராம்/நொடி ஆகுமானால், ζ = 0.3, விகிதம் 0.14. அப்போது அடுத்த வீச்சு 0.7 செ.மீ.; அதற்கடுத்தது 0.1 செ.மீ. மட்டுமே. பணியாளர் எண்ணிப் பார்ப்பது உண்மையில் ζ ஐயே. வண்டி பெரிதாயினும் சிறிதாயினும், அழுத்திய தொலைவு சற்றுக் கூடினும் குறையினும், இவ்விகிதம் மாறாது.

தடை மிகும்போது வேறு அளவுகோல்

ζ = 1 என்பது எல்லை. அதிலும் அதற்கு மேலும் அலைவு நிகழாது; பொருள் மெல்லத் திரும்புகிறது. மேற்கண்ட ஆய்வகப் பொருளைக் கெட்டியான எண்ணெயில் அமிழ்த்தியதால் c = 40 கிலோகிராம்/நொடி ஆயிற்று எனக் கொள்க. அப்போது ζ = 10; சமன்பாட்டில் இரண்டாம் கெழு 20 ஆகும். சமன்பாடு சரியே, ஆயினும் கெழு இவ்வளவு பெரிதாவது, T என்னும் அளவுகோல் இவ்வியக்கத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்கு அறிகுறி. நிறையும் சுருள்வில்லும் சேர்ந்து தரும் 0.2 நொடியில் இங்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழாது.

பொருளின் மெல்லிய நகர்வைத் தீர்மானிப்பவை தடையும் சுருள்வில்லுமே. எனவே c/k ஐக் காலத்தின் அளவுகோலாகக் கொள்க. அதன் மதிப்பு 4 நொடி. முன்போலவே பிரதியிட்டால்,

(mk/c²) d²X/dτ² + dX/dτ + X = 0

இங்கு mk/c² = 0.0025. முதல் உறுப்பை நீக்கினால் X = e^(−τ) என்ற எளிய தீர்வு கிடைக்கிறது. அதாவது, 4 நொடியில் இடப்பெயர்ச்சி தொடக்க மதிப்பின் 37 விழுக்காடாகக் குறையும்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. இரண்டாம் வகைக்கெழு நீங்கியதும் சமன்பாட்டின் வரிசை ஒன்றாகக் குறைகிறது; தொடக்க நிபந்தனைகளுள் ஒன்றை மட்டுமே அதனால் நிறைவு செய்ய முடியும். பொருள் ஓய்விலிருந்து விடப்பட்டது; ஆனால் எளிய தீர்வோ தொடக்கத்திலேயே dX/dτ = −1 என்கிறது. இம்முரண்பாடு m/c = 0.01 நொடியின் ஒரு சில மடங்குக்குள் தீர்ந்துவிடும். அதற்குப்பின் வரும் இயக்கத்துக்கு எளிய தீர்வு பொருந்தும். அந்தத் தொடக்கக் கணத்துக்குப் பொருந்தாது.

ஒற்றை எண் போதாத இடம்

துணையலகுகளிலிருந்து A மறைந்ததற்குக் காரணம், மீள்விசை x க்கும் தடைவிசை திசைவேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருந்தமையே. மூட்டுகளில் F அளவுள்ள மாறாத உராய்வு விசையும் செயல்பட்டால், kA ஆல் வகுக்கும்போது F/(kA) என்னும் இரண்டாவது எண் தோன்றுகிறது. அதனுடன் A மீண்டும் வந்துவிடுகிறது. F = 40 நியூட்டன் எனக் கொள்க. வண்டியை 5 செ.மீ. அழுத்தினால் இவ்வெண் 0.05, 1 செ.மீ. மட்டும் அழுத்தினால் 0.25. மெல்ல அழுத்திச் சோதித்தால், தேய்ந்த தாங்கியின் குறையை உராய்வு மறைத்துவிடக்கூடும்.

இதனைக் கண்டறியும் வழியும் வீச்சுகளிலேயே உள்ளது. அடுத்தடுத்த வீச்சுகளின் விகிதம் மாறாதிருந்தால் ζ ஒன்றே போதும். வீச்சு குறையக் குறைய விகிதமும் குறைந்துகொண்டே வந்தால், சமன்பாட்டில் சேர்க்கப்படாத மற்றோர் எண் உள்ளது என்பது தெளிவு.

கற்பவை கற்றபின்

1. m = 0.1 கிலோகிராம், k = 40 நியூட்டன்/மீட்டர், c = 1.2 கிலோகிராம்/நொடி கொண்ட அமைப்பின் T, ζ ஆகியவற்றைக் காண்க. பாடத்தில் வந்த எந்த அமைப்பின் வரைபடத்தோடு இதன் வரைபடம் பொருந்தும்?

2. பொருள் A தொலைவிலிருந்து v திசைவேகத்துடன் விடப்படுகிறது. தொடக்க நிபந்தனைகளை மாற்றி எழுதி, புதிதாகத் தோன்றும் பரிமாணமற்ற எண்ணைக் காண்க.