மார்ச் 31-ஐ மட்டும் பார்த்தால் போதாது: தொடர்புடைய தரப்புக் குறிப்பைப் படிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

ஆண்டறிக்கையில் 'தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகள்'னு ஒரு குறிப்பு வரும். அது எங்கே இருக்கும், எதுக்குப் போடறாங்கங்கறது உங்களுக்குத் தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அந்தக் குறிப்பில் நம்மில் பெரும்பாலோர் கடைசி அட்டவணையைத்தான் பார்க்கிறோம்: வருட முடிவில் யார் எவ்வளவு பாக்கி. அந்த ஒரு நாள் எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு காஃபி டே கணக்கைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மைசூர் அமால்கமேட்டட் காஃபி எஸ்டேட்ஸ், சுருக்கமாக மேசெல். நிறுவனர் சித்தார்த்தாவின் குடும்பத்துக்குச் சொந்தமான, பட்டியலிடப்படாத கம்பெனி. காஃபி டே எண்டர்பிரைசஸ் பட்டியலிடப்பட்ட கம்பெனி. அதன் துணை நிறுவனங்களுக்கு மேசெல் தர வேண்டிய பாக்கி, 2019 மார்ச் 31-ஆம் தேதியின் தணிக்கை செய்த ஒருங்கிணைந்த கணக்கின்படி, 842 கோடி ரூபாய். அந்த ஜூலையில் சித்தார்த்தா இறந்தார். பிறகு நடந்த விசாரணையின் அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. ஜூலை 31, 2019 அன்று அதே பாக்கி 3,535 கோடி என்றது அது. இடையில் நாலே மாதம், வித்தியாசம் 2,693 கோடி. 2023 ஜனவரியில் செபி 26 கோடி அபராதம் போட்டது. ஏழு துணை நிறுவனங்களிலிருந்து பணம் மேசெலுக்குத் திருப்பப்பட்டது என்பதுதான் அதன் முடிவு. 2022 செப்டம்பர் வரை திரும்பி வந்தது சுமார் 110 கோடிதான்.

2,693 கோடியை 2019 ஆண்டறிக்கையிலேயே யாராவது கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. அந்தத் தாளில் அது இல்லை. ஆனா 842 கோடி இருந்தது. காபி விற்கிற கம்பெனிக் குழுமம், புரமோட்டரின் சொந்தக் கம்பெனியிடமிருந்து ஏன் 842 கோடி வரவேண்டியிருக்கு என்று கேட்க அதுவே போதும். அங்கிருந்து அடுத்த கேள்வி: இது வருடம் முழுக்க இருந்த பாக்கியா, வருடக் கடைசியில் குறைத்துக் காட்டிய பாக்கியா?

இதுக்கு நான் பயன்படுத்தற சோதனை வட்டி. ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்குவோம். புரமோட்டர் கம்பெனிக்குக் கொடுத்த கடன் வருட ஆரம்பத்தில் 40 கோடி, முடிவில் 50 கோடி. சராசரி 45 கோடி. வட்டி 12 சதவீதம்னு குறிப்பில் போட்டிருக்கு. அப்போ வருட வட்டி ஐந்தரைக் கோடிக்குக் கொஞ்சம் கீழேதான் வரணும். ஆனா அதே குறிப்பின் பரிவர்த்தனை அட்டவணையில், அந்தக் கம்பெனியிடமிருந்து வட்டி வருமானம் 18 கோடி. பதினெட்டை 12 சதவீதத்தால் வகுத்தால் 150 கோடி. அதாவது வருடம் முழுக்க சராசரியா 150 கோடி வெளியில் இருந்திருக்கு, மார்ச் 31-க்கு மட்டும் 50 கோடியா வீடு திரும்பியிருக்கு. வட்டி விகிதத்தை 18 சதவீதம்னு தாராளமா வைத்தாலும் சராசரி 100 கோடிக்குக் குறையாது.

அதே குறிப்பில் 'கொடுத்த கடன் 600 கோடி, திரும்பி வந்தது 590 கோடி' என்று இருந்தால் வேலை இன்னும் சுலபம். பாக்கி கூடினது பத்தே கோடி, ஆனா கை மாறினது அறுநூறு. முதலீட்டு நடவடிக்கைகளின் பணப்புழக்கத்தோடு இதை ஒத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு பொறி இருக்கு. மூன்று மாதத்துக்குள் முடியும், வேகமாகச் சுழலும் பெரிய தொகைகளை நிகரமாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரம் 7 அனுமதிக்கிறது. அறுநூறும் ஐந்நூற்றுத் தொண்ணூறும் அங்கே வெறும் பத்தாகச் சுருங்கிவிடலாம். வட்டியே வாங்காத அட்வான்ஸுக்கு வட்டிச் சோதனையும் செல்லாது. அப்போ அந்த அட்வான்ஸையும், அதே தரப்பிடம் வருடத்தில் வாங்கிய சரக்கின் மதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரு வருடக் கொள்முதலைவிட அட்வான்ஸ் பெரிசா இருந்தா, அது அட்வான்ஸ் என்ற பெயரில் கடன்.

இதெல்லாம் அந்தத் தரப்பின் பெயர் குறிப்பில் இருந்தால்தான் நடக்கும். பெயரே இல்லாவிட்டால்?

ஃபோர்டிஸ் ஹெல்த்கேரில் அதுதான் நடந்தது. மருத்துவமனைத் துணை நிறுவனத்திலிருந்து பெஸ்ட், ஃபெர்ன், மாட்லேண்ட் என்ற மூன்று கம்பெனிகளுக்கு நிறுவனங்களுக்கிடையேயான வைப்புத் தொகையாகப் பணம் போனது. காலாண்டு ஆரம்பத்தில் போகும், காலாண்டு முடியறதுக்குள்ள திரும்பிவிடும். இருப்புநிலைக் குறிப்பு தேதியில் பாக்கி சைபர். 2017-இல் ஒரு சுற்றில் பணம் திரும்பவில்லை, சுமார் 400 கோடி மாட்டிக்கொண்டது. அது கடைசியில் அப்போதைய புரமோட்டர்களான சிங் சகோதரர்கள் தரப்பின் நன்மைக்கே போனது என்று செபி முடிவு செய்தது. பணம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்த மூன்று பெயர்களும் தொடர்புடைய தரப்புப் பட்டியலில் இல்லை.

ஆக, பட்டியலில் இருக்கிற பெயர்களைவிட இல்லாத பெயர்கள்தான் முக்கியம். அவற்றைப் பிடிக்க ஒரு கழித்தல் கணக்கு போதும். கம்பெனிகள் சட்டம் பிரிவு 186(4)-இன்படி கொடுத்த கடன், உத்தரவாதம், அவற்றின் நோக்கம் எல்லாத்தையும் கணக்கில் சொல்லியாகணும். அந்தப் பட்டியலை எடுங்க. அதிலிருந்து தொடர்புடைய தரப்புப் பட்டியலில் வருகிற பெயர்களைக் கழியுங்க. மிச்சமிருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாக கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடுங்க. ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்டணம். `MGT-7` ஆண்டு விவர அறிக்கையில் இயக்குநர்கள், பங்குதாரர்கள். பதிவு முகவரி, மின்னஞ்சல். இயக்குநரின் `DIN` எண்ணை வைத்து அவர் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று பாருங்க.

பதிவு எண்ணையும் கவனிங்க. `CIN` 21 எழுத்து. அதில் ஏழாவது, எட்டாவது எழுத்து மாநிலம், அடுத்த நாலு இலக்கம் தொடங்கிய வருடம். நம்ம புதுச்சேரியில் பதிவானதுன்னா `PY`. இங்கே தனிப் பதிவாளர் அலுவலகம் இருப்பதால், தமிழ்நாட்டுக் குழுமத்தின் ஒரு கம்பெனி `TN` என்று தேடினால் சிக்காமல் இங்கே இருக்கலாம். கடன் வாங்கிய கம்பெனி தொடங்கி ஆறே மாதம், மூலதனம் ஒரு லட்சம், ஆனால் வாங்கியது 80 கோடி என்றால், இயக்குநர் யார் பெயரில் இருந்தாலும் சந்தேகப்படலாம். முகவரி ஒன்றாக இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது. மிஷன் வீதியில் ஒரே ஆடிட்டர் ஆபீஸ் முகவரியில், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத பத்து கம்பெனிகூடப் பதிவாகியிருக்கலாம். முகவரி, இயக்குநர், பணம் போன தேதி: இந்த மூன்றில் இரண்டாவது பொருந்தணும் என்பது என் அளவுகோல்.

இப்போ விதிகள் கொஞ்சம் நம்ம பக்கம் வந்திருக்கு. 2022 ஏப்ரல் முதல், பங்கு எத்தனை சதவீதம் இருந்தாலும் புரமோட்டர் குழுவில் உள்ள எல்லாரும் தொடர்புடைய தரப்பு. 2023 ஏப்ரல் முதல், வெளியாருடன் செய்த பரிவர்த்தனையாக இருந்தாலும், அதன் நோக்கமும் விளைவும் தொடர்புடைய தரப்புக்கு நன்மை என்றால் அதுவும் கணக்கில் வரும். ஃபோர்டிஸ் மாதிரிச் சுற்றுவழிக்கு அது நேரடிப் பதில். அரையாண்டுக்கு ஒரு முறை பங்குச்சந்தைத் தளத்தில் வரும் அறிக்கையில் தொடக்க பாக்கி, முடிவு பாக்கி, இடையில் நடந்த தொகை மூன்றும் தனித்தனிப் பத்தியில் இருக்கு. கடனாக இருந்தால் பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதும் கேட்கப்படுகிறது. இதை எக்செலில் இறக்கி, முடிவு பாக்கியை நடந்த தொகையால் வகுத்து, சின்ன எண்ணிலிருந்து பெரிசுக்கு அடுக்குங்க. மேலே வருகிற நாலைந்து வரிகளிலிருந்து தொடங்கலாம்.

அமைச்சகத்தின் தளத்தில் சிக்காத ஒரு வகையும் உண்டு. கடன் போனது ஒரு சாதாரணக் கூட்டு வணிகத்துக்கோ குடும்ப அறக்கட்டளைக்கோ என்றால், பங்குதாரர் பட்டியல் அங்கே கிடைக்காது. அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு, வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்குப் பங்குதாரராக எழுத்தில் கேள்வி அனுப்புவேன்: இந்தத் தரப்பின் பயனாளிகள் யார்?