இன்வெர்ட்டர் 180 வோல்ட்தான் தருகிறதா?

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் தன் பையிலிருந்து மஞ்சள் மல்ட்டிமீட்டரை எடுத்துப் பிளக் பாயின்ட்டில் வைக்கிறார். 180 வோல்ட் காட்டுகிறது. "வோல்டேஜ் குறைவா வருதுங்க, போர்டுல ஏதோ கோளாறு" என்கிறார். ஆனால் அதே லைனில் குண்டு பல்பு வழக்கமான வெளிச்சத்தோடுதான் எரிகிறது. 180 வோல்ட்டில் அது மங்கி, சிவந்துபோயிருக்க வேண்டும்.

இங்கே பல்பு சொல்வதுதான் சரி. இன்வெர்ட்டர் 230 வோல்ட் தந்துகொண்டிருக்கிறது. மீட்டரும் பழுதில்லை. தனக்குத் தெரிந்த ஒரே கணக்கை, அது பொருந்தாத இடத்தில் போட்டுவிட்டது.

ஏசி மின்சாரத்தில் வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்பதில்லை. மின்வாரிய லைனில் அது நொடிக்கு ஐம்பது தடவை சுழியிலிருந்து ஏறி 325 வோல்ட்டைத் தொட்டு, இறங்கி, எதிர்ப்பக்கம் 325 வரை போய்த் திரும்புகிறது. அப்படியானால் 230 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு ஹீட்டரை இந்த ஏசியில் போட்டால் எவ்வளவு சூடாகுமோ, அதே அளவு சூடாக எத்தனை வோல்ட் டிசி கொடுக்க வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் விடை அது. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு கணத்தின் வோல்டேஜையும் வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரியை எடுத்து, அதற்கு வர்க்கமூலம் காண வேண்டும். ஆர்எம்எஸ் என்பது இதுதான்.

வர்க்கப்படுத்தும் சர்க்யூட் செலவு பிடித்தது. சராசரி எடுப்பதோ எளிது. ஒரு டையோடு போட்டு ஏசியை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டால் போதும். ஒழுங்கான சைன் அலையில் சராசரிக்கும் ஆர்எம்எஸ்ஸுக்கும் உள்ள விகிதம் எப்போதும் 1.11தான். எனவே மலிவு மீட்டர் செய்வோர் சராசரியை அளந்து, 1.11-ஆல் பெருக்கித் திரையில் காட்டிவிடுகிறார்கள். இது ஏமாற்று இல்லை. அலை சைனாக இருக்கும்வரை விடை துல்லியமாகவே வரும். தெருவில் வரும் மின்சாரத்தை அளப்பவருக்கு இதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை.

விலை குறைந்த இன்வெர்ட்டர்களில் பல சைன் அலை தருவதில்லை. மாடிஃபைடு சைன் வேவ் என்று அட்டையில் எழுதியிருக்கும். உள்ளே நடப்பது சுவிட்ச் வேலை. ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட் என்றால், முதல் 5 மில்லிசெகண்ட் 325 வோல்ட், அடுத்த 5 சுழி, அடுத்த 5 எதிர்த்திசையில் 325, மறுபடி 5 சுழி. மொத்த நேரத்தில் பாதிதான் வோல்டேஜ் இருக்கிறது.

ஆர்எம்எஸ் கணக்குப் போடுவோம். 325-இன் வர்க்கம் 1,05,625. பாதி நேரம்தான் என்பதால் சராசரி சுமார் 52,800. அதன் வர்க்கமூலம் 230. இப்போது மஞ்சள் மீட்டரின் கணக்கு: 325-இல் பாதி 162.5, அதை 1.11-ஆல் பெருக்கினால் 180. எலக்ட்ரீஷியன் பார்த்த எண் இதுதான். சுழி இடைவெளியே இல்லாத முழுச் சதுர அலை தரும் இன்வெர்ட்டராக இருந்தால் தவறு மறுபக்கம் விழும். உண்மையில் 230 இருக்க, மீட்டர் 255 காட்டும்.

எண் பிசகினால் பிசகட்டும் என்று விட முடியாது. சில இன்வெர்ட்டர் போர்டுகளில் அவுட்புட் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறிய ப்ரீசெட் திருகு இருக்கும். 180-ஐப் பார்த்தவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மீட்டர் 230 காட்டும்வரை திருகுகிறார். அது துடிப்பின் அகலத்தைக் கூட்டுகிறது. பாதி நேரம் இருந்தது கிட்டத்தட்ட 64 சதவீத நேரமாகிறது. மீட்டர் 230-ஐத் தொடும்போது உண்மையான ஆர்எம்எஸ் ஏறக்குறைய 260 வோல்ட். பல்பு, அயர்ன் பாக்ஸ் போன்றவை கால்வாசிக்கு மேல் கூடுதலாகச் சூடாகும். பல்பு சீக்கிரம் போகும், பேட்டரியும் வேகமாக இறங்கும். ரிப்பேர் என்ற பெயரில் நல்ல இன்வெர்ட்டரைக் கெடுத்த கதைதான்.

இதைவிட வேடிக்கையான ஒன்றும் உண்டு. பேட்டரி தளரத் தளர உச்ச வோல்டேஜ் குறையும். நல்ல இன்வெர்ட்டர் அதை ஈடுகட்டத் துடிப்பை அகலமாக்கி, ஆர்எம்எஸ்ஸை 230-லேயே பிடித்து வைக்கும். உச்சம் 325-லிருந்து 279-க்கு இறங்கினால், வோல்டேஜ் இருக்கும் நேரம் 68 சதவீதமாக வேண்டும். அப்போது மஞ்சள் மீட்டர் 211 காட்டும். அதாவது பேட்டரி இறங்க இறங்க மீட்டரில் வோல்டேஜ் ஏறுகிறது!

கரண்ட் அளக்கும்போது பிழை இன்னும் பெரிதாகும். கம்ப்யூட்டர், டிவி, எல்இடி விளக்கு ஆகியவற்றின் மலிவான சப்ளைகள் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை, அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். ஒவ்வொரு 10 மில்லிசெகண்டிலும் 2 மில்லிசெகண்ட் மட்டும் 10 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் 2.2 ஆம்பியர் என்று சொல்லும். உண்மை 4.5 ஆம்பியர். பாதி காட்டுகிறதே என்று மட்டும் நினைக்கக் கூடாது, வயரின் சூடு வர்க்கத்தில் போவதால் அது நான்கு மடங்கு. மீட்டர்படி லோடு குறைவு, ஆனால் வயர் கொதிக்கிறது, பிரேக்கர் விழுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான்.

ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வர்க்கக் கணக்கை ஒழுங்காகவே போடுகிறது. அதற்கென்று தனி சிப் இருக்கும், அல்லது அலையை வேகமாக மாதிரி எடுத்து எண்களாகவே கணக்கிடும். மீட்டரின் முகப்பிலேயே ட்ரூ ஆர்எம்எஸ் என்று அச்சிட்டிருப்பார்கள், விற்பனைக்கு உதவும் வார்த்தை அல்லவா! வெறும் ஆர்எம்எஸ் என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அது சராசரி மீட்டர்தான்.

ட்ரூ என்று எழுதியிருப்பதாலேயே கண்ணை மூடி நம்பவும் முடியாது. உச்சம் ஆர்எம்எஸ்ஸைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் பல மீட்டர்கள் தடுமாறும். மேலும், இவற்றில் பெரும்பாலானவை ஏசி ரேஞ்சில் டிசி பங்கை வெட்டிவிடுகின்றன. சில ஹேர் டிரையர்களில் குறைந்த சூட்டு நிலைக்கு ஒரே ஒரு டையோடு போட்டிருப்பார்கள், அது அலையின் ஒரு பாதியை மட்டும் விடும். அந்த ஹீட்டருக்குக் கிடைப்பது 163 வோல்ட். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஏசி ரேஞ்சில் 125 காட்டும். அதே இடத்தில் டிசி ரேஞ்சுக்கு மாற்றினால் ஏறத்தாழ 103 வரும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்தான் 163 கிடைக்கும்.

மின்வாரிய லைனின் வோல்டேஜ், நேரடியாக ஓடும் தண்ணீர் மோட்டார், ஹீட்டர், பேட்டரி டிசி இவற்றுக்கெல்லாம் மஞ்சள் மீட்டரே போதும். கூடுதல் பணம் வீண். இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் லைன் என்று வேலை பார்ப்பவர் ட்ரூ ஆர்எம்எஸ் வாங்கட்டும். வாங்கியபின் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து அளந்தால், எண்கள் ஒத்துப்போகும் இடத்தில் அலை சைனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். பெரிதாக விலகினால் அலை சிதைந்திருக்கிறது, ஆஸிலோஸ்கோப் இல்லாமலேயே அது தெரிந்துவிடும்.