விடுதி அறை அட்டையைத் தமிழாக்கிய விதம்

பௌர்ணமி என்றால் எங்கள் திருவண்ணாமலை எப்படியிருக்கும் என்பதை இந்த மலரைப் படிக்கும் பெற்றோர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாலையிலிருந்தே பேருந்துகள் நிரம்பி வழியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகளாகவே தெரியும். தமிழகத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும், ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்களில் பலர் ஓர் இரவுக்கு விடுதியில் அறை எடுத்துத் தங்குவார்கள். அந்த அறையின் மேசைமேல் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை இருக்கும். வைஃபை இணைப்பது எப்படி, அறையை எப்போது காலி செய்ய வேண்டும், எவையெவை கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பல விடுதிகளில் அது ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும்.

அப்படிப்பட்ட ஓர் அட்டையைத்தான் எங்கள் தோழி ஒருத்தியின் பெரியம்மா கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, "இதைத் தமிழில் எழுதித் தாங்கம்மா, கண்ணு" என்று கேட்டார்கள். இருபது வரி இருக்கும். ஆங்கில வகுப்பில் நாங்கள் செய்யும் மொழிபெயர்ப்புப் பயிற்சியைவிட எளிது என்றே தோன்றும். ஆனால் பயிற்சியில் ஒரு சொல் பிசகினால் ஒரு மதிப்பெண் போகும்; இங்கே பிசகினால் பெரியம்மாவுக்கு ஒரு நாள் வாடகை போகும்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறையிட்ட அட்டையை விளக்கொளி போட்டுப் படம் பிடித்தால், நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து சில எழுத்துகளை விழுங்கிவிடும். எங்களுக்கு வந்த படத்தில் அந்தத் திட்டு வைஃபை கடவுச்சொல்லின்மீதே விழுந்திருந்தது. உண்மையான கடவுச்சொல்லை இங்கே அச்சிடுவது முறையன்று. ஆகவே அதே அமைப்பில் ஒன்றைக் கற்பனையாகச் சொல்கிறோம். படத்தில் தெரிந்தது இவ்வளவுதான்:

```
Malai10
```

எண்ணிப் பார்த்தால் ஏழு எழுத்துகள். வைஃபை இணைப்புக்கு வைக்கும் கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, 63 எழுத்துக்கு மிகவும் கூடாது என்பது விதி. ஆகவே ஏழு என்று வந்தால் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது என்று பொருள். விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், அட்டையைச் சற்றுச் சாய்த்து மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். இப்போது எட்டாவது எழுத்து தெரிந்தது. ஆனால் அது ஒரு நேர்க்கோடாக இருந்தது. அது ஒன்று என்ற எண்ணா, சிறிய `l` எழுத்தா, பெரிய `I` எழுத்தா?

இதற்கு விடை அட்டையிலேயே இருந்தது. ஆறாவது இடத்தில் உள்ள எண்ணுக்குத் தலையில் சிறு மூக்கு இருந்தது, எட்டாவதற்கு இல்லை. ஆகவே அது எண் அன்று. `Malai` என்பதில் மூன்றாவதாக வரும் சிறிய `l` எழுத்தோடு உயரம் ஒத்துப்போனது. அந்த அச்செழுத்தில் பெரிய `I` கொஞ்சம் குட்டையாக இருந்தது. ஆகவே சிறிய `l` என்று முடிவு செய்தோம். அப்படியும் தெளியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. வரவேற்பறையில் கேட்டு எழுதும்படி தமிழ்ப் படியில் ஒரு கட்டம் விட்டுவிடுவதே நல்லது.

கடவுச்சொல்லையும் இணைப்பின் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதவே கூடாது. 'மலை' என்று அழகாக எழுதி வைத்தால் கைப்பேசிக்குப் புரியாது. பெரிய எழுத்து பெரியதாகவும், சிறியது சிறியதாகவும், அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இணைப்பின் பெயர் சில இடங்களில் `_5G` என்று முடியும். சிம் கார்டில் வரும் 5ஜி சேவை என்று இதைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பது. அருகில் இருந்தால் வேகமாக இருக்கும். சுவர்களைத் தாண்டி அவ்வளவு தூரம் வராது. சில பழைய கைப்பேசிகளில் அந்தப் பெயர் கண்ணிலேயே படாது. அதனால், 'அந்தப் பெயர் தெரியாவிட்டால் மற்றதைத் தொடுங்கள்' என்று ஒரு வரியைத் தமிழில் நாங்களே சேர்த்தோம்.

அடுத்து வந்தது கைப்பேசி எண் கேட்கும் பக்கம். அட்டையில் இதற்கு ஒரே வரிதான் இருந்தது. இணைப்பு கிடைத்தவுடன் ஒரு பக்கம் தானாகத் திறக்கும். அதில் அறை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால் குறுஞ்செய்தியில் ஓ.டி.பி. எண் வரும், அதை இட்டால்தான் இணையம் வேலை செய்யும். தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பெரியம்மாவுக்கோ பக்கம் திறக்கவேயில்லை. மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் சில கைப்பேசிகளில் இப்படி ஆகும். அதைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் பக்கம் திறந்துகொள்ளும். டேட்டாவை நிறுத்தினாலும் குறுஞ்செய்தி வரும் என்பதையும் எழுத வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஓ.டி.பி. வராதோ என்று பயந்து யாரும் நிறுத்த மாட்டார்கள். 'செட்டிங்ஸ்' என்பதற்கு 'அமைப்புகள்' என்று எழுதுவதா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவருக்கு அமைப்புகள் என்றே திரையில் தெரியும். ஆங்கிலத்தில் வைத்திருப்பவருக்கு `Settings` என்று தெரியும். தேட வேண்டியது திரையில் உள்ள சொல்லைத்தானே! இரண்டையும் எழுதினோம்.

இனி மிக முக்கியமான வரிக்கு வருகிறோம். அட்டையில் 'செக்-அவுட் 24 ஹவர்ஸ்' என்று இருந்தது. இதை '24 மணி நேரமும் வெளியேறலாம்' என்று எழுதினால் இலக்கணம் சரி, பொருள் முழுத் தவறு. அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். வேறு பல விடுதிகளில் முறையே வேறு. யார் எப்போது வந்தாலும் நண்பகல் 12 மணிக்குக் காலி செய்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியம்மாவின் குடும்பத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர்கள் பௌர்ணமியன்று மாலை 5.30 மணிக்கு அறை எடுத்தார்கள். இரவு 9 மணிக்குக் கிரிவலம் புறப்பட்டு, எட்டு லிங்கங்களையும் தரிசித்து, அறைக்குத் திரும்ப 2 மணி ஆகிவிட்டது. 24 மணி நேர முறையில் மறுநாள் மாலை 5.30 வரை அறை அவர்களுடையது. கால் வலி தீரத் தூங்கலாம். நண்பகல் முறையாக இருந்தால் மொத்தம் பதினெட்டரை மணி நேரமே கிடைக்கும். காலையிலேயே மூட்டை கட்ட வேண்டும். ஆனால் 24 மணி நேர முறை எப்போதும் வசதி என்றும் நினைத்துவிடக் கூடாது. விடியற்காலை 5 மணிப் பேருந்தில் வந்து இறங்கி அறை எடுப்பவர், மறுநாள் விடியற்காலை 5 மணிக்கே காலி செய்ய வேண்டியிருக்கும். நேரம் கணக்கிடப்படுவது பதிவேட்டில் எழுதிய மணியிலிருந்து. நாம் அறைக்குள் போய்ப் பெட்டியை வைத்த மணியிலிருந்து அன்று.

நண்பகல் முறை உள்ள அட்டைகளில் '12.00 பி.எம்.' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரவு 12 என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. தமிழில் வெறுமனே '12 மணி' என்று எழுதினாலும் அந்த ஐயம் தீராது. 'நண்பகல் 12 மணி' என்றே எழுத வேண்டும். 'லேட் செக்-அவுட் சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி' என்றொரு வரியும் எங்கள் அட்டையில் இருந்தது. 'கிடைப்பதற்கு உட்பட்டது' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'கூடுதல் நேரம் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள். அறை காலியாக இருந்தால்தான் தருவோம்' என்று எழுதினோம். பௌர்ணமியிலும் தீபத்தன்றும் காலியாக இருக்காது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

விதிகள் பகுதியின் தலைப்பு 'ஹவுஸ் ரூல்ஸ்'. வீட்டு விதிகள் என்று எழுதினால் யார் வீடு என்று கேட்பார்கள். 'விடுதி விதிகள்' என்றோம். 'காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்' என்பதை அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் 'பாராட்டுக்குரிய காலை உணவு' ஆகிவிடும்! காலைச் சிற்றுண்டிக்குத் தனிக் காசு இல்லை என்பதே அதன் பொருள். 'வேல்யுவபிள்ஸ் அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்பதில் வரும் ஓனர், விடுதி முதலாளி அல்லர், நகைக்குச் சொந்தக்காரர். 'உரிமையாளர் பொறுப்பு' என்று எழுதினால் விடுதிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி நகையை அறையில் வைத்துவிட்டுக் கிரிவலம் போய்விடுவார்கள். 'நகை, பணம் தொலைந்தால் விடுதி பொறுப்பேற்காது' என்று எழுதினோம்.

குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் யோசித்தோம். ஆங்கிலத்தில் எல்லா விதிக்கும் முன்னால் 'கைண்ட்லி' என்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 'தயவுசெய்து' போட்டால் வரி நீள்வதோடு, எது வேண்டுகோள், எது கட்டாயம் என்பதே தெரியாமல் போகும். ஈரத் துணியை ஜன்னலில் உலர்த்தாதீர்கள் என்பது வேண்டுகோள். அறைக்குள் சூடமோ விளக்கோ ஏற்றக் கூடாது என்பது கட்டாயம். மெத்தையும் திரைச்சீலையும் தீப்பிடிக்கும். முதலாவதற்குத் 'தயவுசெய்து' வைத்தோம், இரண்டாவதற்கு வைக்கவில்லை. ஆனால், அதைப் படிப்பவர்களில் எங்கள் பாட்டி வயதினரும் இருப்பார்கள் என்பதால், 'ஏற்றாதே' என்று ஒருமையில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

தமிழில் எழுதி முடித்தபோது வரிகள் நீண்டு, அதே அளவு அட்டையில் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணாடி போடுகிறவர்களால் படிக்க முடியாது. ஆகவே 'எங்கள் விடுதிக்கு வந்தமைக்கு நன்றி' என்ற நான்கு வரி வாழ்த்தை ஒரு வரியாகச் சுருக்கினோம். வைஃபை செய்தியைக் கீழே இறக்கி, காலி செய்யும் நேரத்தை எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இப்படி எழுதினோம்:

நீங்கள் அறை எடுத்த நேரம்: ........
நாளை இதே நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும்.
ஒரு மணி நேரம் வரை பொறுப்போம். அதற்கு மேல் ஆனால் இன்னொரு நாள் வாடகை.

புள்ளியிட்ட இடம் ஆங்கில அட்டையில் இல்லை. அறை தரும்போதே பதிவேட்டைப் பார்த்துப் பேனாவால் மணியை எழுதிக் கொடுப்பதற்காக நாங்கள் சேர்த்தது அது.