பெட்ரோல் கவலை இல்லை... நேரம்தான் முக்கியம்!

அமெரிக்காவின் ‘ஜிப்கார்’ 2000-ல் தொடங்கப்பட்ட கார் பகிர்வு நிறுவனம். உறுப்பினர்கள் செயலியில் நேரம் குறித்து காரை எடுத்து, அதே இடத்தில் திருப்பி விட வேண்டும். பெட்ரோல் செலவு வாடகையிலேயே அடக்கம். காருக்குள் இருக்கும் அட்டையைக் கொண்டு பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். திருப்பி விடும்போது டேங்கில் கால் பங்காவது இருக்க வேண்டும்.

பெரும்பாலான கார்களுக்கு நாளொன்றுக்கு 180 மைல், அதாவது சுமார் 290 கிலோமீட்டர் வரை கூடுதல் கட்டணம் கிடையாது. பாஸ்டனிலிருந்து போர்ட்லேண்டுக்கு ஒருவர் ஒரே நாளில் போய்த் திரும்பினால் சுமார் 350 கிலோமீட்டர் ஆகிவிடும். மிச்சமுள்ள 60 கிலோமீட்டருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் தாமதம். அதே காரை அடுத்த உறுப்பினர் முன்பதிவு செய்து காத்திருக்கலாம் என்பதால், தாமதத்துக்கு அபராதம் உண்டு. வழியில் நெரிசல் என்றால், நேரம் முடிவதற்குள் செயலியில் நீட்டித்துவிட வேண்டும். அடுத்தவர் பதிவு செய்திருந்தால் அதற்கும் வழியில்லை. ஆகவே, 5 மணிக்குத் திரும்பலாம் எனக் கணக்குப் போடுபவர்கள் 6 மணி வரை பதிவு செய்வதே நல்லது. ஒரு மணி நேர வாடகை கூடும். அபராதமும் அடுத்தவரின் காத்திருப்பும் மிச்சம்.