குரல் பங்கும் உரையாடல் வளர்ச்சியும்: போட்டி வணிகப்பெயர்களோடு ஒப்பிட்டு அளத்தல் – மேகி நூடுல்ஸ் (2015) நிகழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருள்வகையைப் பற்றி மக்கள் பேசும் பேச்சில் ஒரு வணிகப்பெயர் பெறும் விழுக்காடு குரல் பங்கு எனப்படும். இவ்விழுக்காடு உயர்ந்தால் அவ்வணிகப்பெயரைப் பற்றிய உரையாடல் வளர்ந்துவிட்டது என்று கொள்வது வழக்கமாக உள்ளது. குரல் பங்கு ஒரு விகிதமாதலால் அவ்வாறு கொள்வது எப்போதும் பொருந்தாது. பங்கின் மாற்றத்தை எவ்வாறு பிரித்துப் படிப்பது, எண்ணிக்கையில் பிழைகள் எங்கிருந்து நுழைகின்றன, பேச்சின் தன்மையை ஏன் தனியே பார்க்க வேண்டும் என்பவற்றை, 2015ஆம் ஆண்டு இந்தியாவில் மேகி நூடுல்ஸ் விற்பனை நிறுத்தப்பட்ட நிகழ்வை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்

குரல் பங்கு, வணிகப்பெயர், குறிப்பீடு, பொருள்வகை, தேடல் தொடர், மேகி.

முன்னுரை

குரல் பங்கு என்னும் அளவை விளம்பரத் துறையில் தோன்றியது. ஒரு பொருள்வகையில் உள்ள நிறுவனங்கள் அனைத்தும் செய்யும் விளம்பரச் செலவில் ஒரு நிறுவனத்தின் செலவு எத்தனை விழுக்காடு என்பதே அதன் தொடக்கப் பொருள். ஜான் பிலிப் ஜோன்ஸ் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, இக்குரல் பங்கையும் சந்தைப் பங்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. சமூக ஊடகங்கள் பரவிய பின்னர் இதே சொல் மக்களின் பேச்சை அளக்கவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இம்மாற்றத்தால் அளவையின் இயல்பும் மாறியது. விளம்பரச் செலவை நிறுவனமே தீர்மானிக்கிறது; மக்களின் பேச்சை நிறுவனம் தீர்மானிப்பதில்லை. விளம்பரச் செலவு தன் பொருளுக்கு ஆதரவாகவே அமையும். பேச்சு எதிராகவும் அமையலாம். பழைய அளவையின் பொருளைப் புதிய அளவைக்கும் அப்படியே ஏற்றிக் கூறுவதே பல தவறான முடிவுகளுக்குக் காரணமாகிறது.

விகிதத்தைப் பிரித்துப் படித்தல்

பேச்சின் அடிப்படையிலான குரல் பங்கு பின்வருமாறு கணக்கிடப்படுகிறது.

குரல் பங்கு = (வணிகப்பெயரின் குறிப்பீடுகள் ÷ பொருள்வகையில் உள்ள எல்லா வணிகப்பெயர்களின் குறிப்பீடுகள்) × 100

ஒரு பதிவில் ஒரு வணிகப்பெயர் இடம்பெறுவது ஒரு குறிப்பீடு ஆகும். விளக்கத்தின் பொருட்டு அ, ஆ, இ என்னும் மூன்று வணிகப்பெயர்கள் மட்டும் உள்ள ஒரு பொருள்வகையைக் கொள்ளலாம். முதல் மாதத்தில் அவற்றின் குறிப்பீடுகள் முறையே 4,000, 3,000, 1,000 என்க. மொத்தம் 8,000, அ-வின் பங்கு 50 விழுக்காடு. இரண்டாம் மாதத்தில் அவை 3,600, 1,800, 600 எனக் குறைகின்றன. மொத்தம் 6,000, அ-வின் பங்கு 60 விழுக்காடு. பங்கு பத்துப் புள்ளிகள் உயர்ந்துள்ளது. ஆனால் அ-வைப் பற்றிய பேச்சு பத்து விழுக்காடு குறைந்துள்ளது. போட்டிப் பெயர்களைப் பற்றிய பேச்சு அதைவிட மிகுதியாகக் குறைந்ததே பங்கின் உயர்வுக்குக் காரணம்.

மூன்றாம் மாதத்தில் எண்கள் 4,800, 5,400, 1,800 ஆகின்றன. மொத்தம் 12,000, அ-வின் பங்கு 40 விழுக்காடு. முதல் மாதத்தோடு ஒப்பிட்டால் பங்கு பத்துப் புள்ளிகள் சரிந்துள்ளது. ஆனால் அ-வைப் பற்றிய பேச்சு இருபது விழுக்காடு வளர்ந்துள்ளது. பொருள்வகை முழுவதும் ஐம்பது விழுக்காடு வளர்ந்ததால் இவ்வளர்ச்சி விழுக்காட்டில் மறைந்துவிட்டது.

இவற்றிலிருந்து ஓர் எளிய வாய்பாடு கிடைக்கிறது. வணிகப்பெயரின் பெருக்கத்தைப் பொருள்வகையின் பெருக்கத்தால் வகுத்தால் பங்கின் பெருக்கம் கிடைக்கும். மூன்றாம் மாதத்தில் 1.2 ÷ 1.5 = 0.8, எனவே 50 விழுக்காடு 40 ஆயிற்று. ஆகவே உரையாடல் வளர்கிறதா என்னும் வினாவிற்கு விடையளிக்க வணிகப்பெயரின் எண்ணிக்கை, பொருள்வகையின் எண்ணிக்கை, பங்கு ஆகிய மூன்றும் வேண்டும். பங்கை மட்டும் தரும் அறிக்கை, போட்டியில் யார் முந்தினர் என்பதைச் சொல்லும். பேச்சு பெருகியதா என்பதைச் சொல்லாது.

எண்ணிக்கையில் நுழையும் பிழைகள்

வகுத்தல் எளிது, எண்ணுதல் கடினம். ஒவ்வொரு வணிகப்பெயருக்கும் ஒரு தேடல் தொடர் அமைக்கப்படுகிறது. பெயர்கள் தம் இயல்பில் வேறுபடுவதால் தேடல் தொடர்கள் ஒரே அளவில் துல்லியமாக அமைவதில்லை. இந்திய நூடுல்ஸ் சந்தை இதற்கு நல்ல சான்றாகும். மேகி என்பது பேச்சுவழக்கில் எந்த நிறுவனத்தின் நூடுல்சையும் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆதலால் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் நூடுல்சை உண்டுவிட்டு எழுதியதும் மேகியின் கணக்கில் சேர்கிறது. ஐடிசி நிறுவனத்தின் யிப்பி என்னும் பெயரோ ஆங்கிலத்தில் மகிழ்ச்சியைக் காட்டும் வியப்புச்சொல்லும் ஆகும். ஆங்கில எழுத்தில் தேடினால் நூடுல்சுக்குத் தொடர்பே இல்லாத பதிவுகள் வந்து குவியும். அதனைத் தவிர்க்கத் தேடல் தொடரைப் பின்வருமாறு சுருக்க நேர்கிறது.

```
("yippee" OR "யிப்பி") AND ("noodles" OR "நூடுல்ஸ்" OR "sunfeast")
```

இவ்வாறு சுருக்கினால், இத்துணைச் சொற்களுள் ஒன்றுகூட இல்லாமல் யிப்பியைப் பற்றி எழுதிய பதிவுகள் விடுபடும். ஒரு பெயருக்குத் திறந்த தொடரும் மற்றொன்றுக்குச் சுருக்கிய தொடரும் அமையும்போது, பேச்சில் இல்லாத வேறுபாடு எண்ணிக்கையில் தோன்றுகிறது.

தமிழ்ப் பதிவுகளில் மேலும் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது வேற்றுமை உருபேற்றல். முழுச்சொல்லாக 'மேகி' என்று தேடினால் 'மேகியை', 'மேகியில்', 'மேகிக்கு' என்பன கிடைப்பதில்லை. சொல்லின் தொடக்கத்தைக் கொண்டு தேடினாலன்றி எண்ணிக்கை குறைந்தே இருக்கும். இரண்டாவது ஒலிபெயர்ப்பில் எழும் பொருள் மயக்கம். இந்துஸ்தான் யூனிலீவரின் நார் என்னும் பெயரைத் தமிழெழுத்தில் தேடினால் வாழைநாரும் தேங்காய்நாரும் நார்ச்சத்தும் சேர்ந்து வரும். முதலாவது இடர் ஒரு பெயரைக் குறைத்துக் காட்டும். இரண்டாவது மற்றொன்றைக் கூட்டிக் காட்டும்.

இப்பிழையை அளக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் கிடைத்த பதிவுகளிலிருந்து 200 பதிவுகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்து, எத்தனை உண்மையில் அவ்வணிகப்பெயரைக் குறிக்கின்றன என எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாகத் திறந்த தேடலில் மேகிக்கு 4,000, யிப்பிக்கு 3,000 பதிவுகள் கிடைத்தன என்க. இவ்விரண்டை மட்டும் ஒப்பிட்டால் மேகியின் பங்கு ஏறத்தாழ 57 விழுக்காடு. படித்துப் பார்த்ததில் மேகியின் 200 பதிவுகளில் 150உம் யிப்பியின் 200 பதிவுகளில் 60உம் பொருத்தமானவை எனில், திருத்திய எண்கள் 3,000, 900 ஆகும். மேகியின் பங்கு ஏறத்தாழ 77 விழுக்காடாகிறது. பேச்சில் எம்மாற்றமும் இன்றியே இருபது புள்ளிகள் மாறியுள்ளன.

திருத்திய எண்ணிலும் ஐயத்திற்கு இடமுண்டு. 200 பதிவுகளில் 60 என்னும் கணிப்புக்கு, 95 விழுக்காட்டு நம்பக நிலையில், இருபுறமும் ஏறத்தாழ ஆறு புள்ளி வழு உண்டு. எனவே யிப்பியின் உண்மை எண் 700 முதல் 1,100 வரை இருக்கலாம். மேகியின் எண்ணை 3,000 என்றே கொண்டாலும் அதன் பங்கு 73 முதல் 81 விழுக்காடு வரை அமையலாம். இத்தகைய கணக்கில் மாதந்தோறும் காணப்படும் இரண்டு மூன்று புள்ளி ஏற்ற இறக்கத்தைப் போக்காகக் கருத இயலாது. மேலும், கண்காணிப்பின் இடையில் தேடல் தொடரைத் திருத்தினால் முந்தைய மாதங்களையும் புதிய தொடரால் மீண்டும் எண்ண வேண்டும். இல்லையேல் தொடரின் மாற்றம் பேச்சின் மாற்றமாகத் தோன்றும்.

2015: பங்கு உயர்ந்தும் பொருள் இல்லாத நிலை

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுக்கப்பட்ட மேகி மாதிரி கொல்கத்தா ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட ஈய அளவு பத்து இலட்சத்தில் 2.5 பங்காக இருக்க, அம்மாதிரியில் 17.2 பங்கு இருந்ததாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மேகி நூடுல்ஸ் வகைகளைத் திரும்பப் பெற ஆணையிட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, மூன்று ஆய்வகங்களில் புதிய சோதனை நடத்தப் பணித்தது. நவம்பர் 9 அன்று விற்பனை மீண்டும் தொடங்கியது.

ஜூன் மாதத்தில் மேகி நாடெங்கும் பேசுபொருளாயிற்று. குறிப்பீடுகளை மட்டும் எண்ணும் கணக்கில், விற்பனை நிறுத்தப்பட்ட அம்மாதமே அவ்வணிகப்பெயரின் உச்சமாகத் தெரியும். முன்னர்க் கூறிய பிரிப்பு முறையும் இங்கு உதவாது. ஏனெனில் எண்ணிக்கை, பங்கு இரண்டுமே உயர்கின்றன. பேச்சு எதைப் பற்றியது என்று வகைப்படுத்தினால்தான் நிலைமை விளங்கும். பாதுகாப்பு பற்றிய அச்சம், சட்ட நடவடிக்கைச் செய்தி, பழைய நினைவு, வாங்கும் விருப்பம் எனப் பிரித்து, ஒவ்வொரு வகைக்குள்ளும் பங்கைத் தனித்தனியே கணக்கிடலாம். செய்தி நிறுவனத்தின் ஒரே செய்தி பல தளங்களில் மறுபதிவாவதையும் ஒருவரே பல முறை எழுதுவதையும் நீக்க, பதிவுகளோடு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் கணக்கிட வேண்டும். ஆகஸ்டில் நெஸ்லே நிறுவனம் #WeMissYouToo என்னும் அடையாளச் சொல்லோடு விளம்பரங்களை வெளியிட்டது. அதனையொட்டி எழுந்த பதிவுகள் நிறுவனம் தூண்டியவை. தாமாக எழுந்தவற்றிலிருந்து அவற்றைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

பொருள்வகையின் எல்லையும் அவ்வாண்டில் மாறியது. ஜூனில் நார் சைனீஸ், டாப் ராமென் ஆகிய நூடுல்ஸ்களும் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. நவம்பரில் பதஞ்சலி கோதுமை நூடுல்ஸ் அறிமுகமானது. பதஞ்சலியைச் சேர்க்காமல் கணக்கிட்டால் நவம்பரில் மேகியின் பங்கு மிகையாகத் தெரியும். சேர்த்துக் கணக்கிட்டால் மே மாதத்தோடு நேரடியாக ஒப்பிட இயலாது. தொடக்கம் முதல் இருந்த பெயர்களைக் கொண்டு ஒரு பங்கையும், அவ்வம் மாதத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் கொண்டு மற்றொரு பங்கையும் தருவதே பொருத்தமான வழி. ஒப்பீட்டுக்குரிய அடிப்படைக் காலத்தையும் சர்ச்சைக்கு முந்தைய வாரங்களின் இடைநிலை எண்ணாகக் கொள்ள வேண்டும். 2015 ஜூனை அடிப்படையாகக் கொண்டால், 2016 ஜூனில் இயல்பு நிலைக்குத் திரும்பியதே வீழ்ச்சியாகத் தோன்றும்.

முடிவுரை

குரல் பங்கு போட்டியாளரிடையே ஒரு வணிகப்பெயரின் இடத்தைக் காட்டும் அளவையே அன்றி, உரையாடலின் வளர்ச்சியைத் தனியே காட்டும் அளவை அன்று. வளர்ச்சியைக் கூறப் பகுதியும் தொகுதியும் தனித்தனியே தரப்பட வேண்டும். ஒவ்வொரு பெயரின் எண்ணிக்கையும் மாதிரிப் பதிவுகளைப் படித்துத் திருத்தப்பட வேண்டும். தமிழ்ப் பதிவுகளில் உருபேற்ற வடிவங்கள் விடுபடாமலும் பொருள் மயக்கம் தரும் வடிவங்கள் சேராமலும் தேடல் தொடர் அமைய வேண்டும். இவை அனைத்தும் சரியாக அமைந்த பின்னரும், மக்கள் என்ன பேசினர் என்பதை வகைப்படுத்தாத பங்கு, 2015 ஜூனில் மேகிக்குக் காட்டக்கூடியதைப் போல ஒரு நெருக்கடியையும் வெற்றியாகக் காட்டிவிடும்.