ஆலையை மூடும் உரிமைக்கு என்ன விலை?

கோவைப் பக்கம் ஒருவர் சிறிய நூற்பாலை தொடங்கக் கணக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போடவேண்டிய முதல் 10.20 கோடி ரூபாய். ஆலை இனி ஈட்டப்போகும் பணத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 10 கோடிதான் தேறுகிறது. 20 லட்சம் இடிக்கிறது. வழக்கமான கணக்கு இத்துடன் முடிந்துவிடும்: வேண்டாம்.

ஆனால் நூல் விலை எவ்வளவு சரிந்தாலும் முதலாளி ஆலையைக் கடைசிவரை ஓட்டிக்கொண்டே இருப்பார் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. எந்த முதலாளியும் அப்படி இருப்பதில்லை. நிலைமை மோசமானால் இயந்திரங்களையும் கட்டடத்தையும் விற்றுவிட்டு வெளியேறுவார். அந்தத் தொகையையும் திட்ட மதிப்பில் சேர்க்க வேண்டும் என்று ரோபிசெக், வான் ஹார்ன் என்ற இரு பொருளியலாளர்கள் 1967-லேயே எழுதினார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கணக்கிட ஒரு சுலபமான கருவி 1979-ல் கிடைத்தது. பங்குச் சந்தை ஆப்ஷன்களுக்காக காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டீன் மூவரும் அமைத்த இருகிளை மரம் அது.

நம் ஆலைக்கு அந்த மரத்தை வரைந்து பார்ப்போம். ஆலையின் மதிப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒன்று 1.25 மடங்காக ஏறும், இல்லையேல் 0.8 மடங்காக இறங்கும். முதல் ஆண்டு முடிவில் 12.50 கோடி அல்லது 8 கோடி. இரண்டாம் ஆண்டு முடிவில் 15.63, 10, 6.40 என்று மூன்று முனைகள். ஆலையை விற்றால் முதல் ஆண்டு முடிவில் 9 கோடி கிடைக்கும். இயந்திரம் தேய்வதால் அடுத்த ஆண்டு 8.50 கோடிதான். இடையில் முதலாளி லாபம் எதையும் வெளியே எடுப்பதில்லை என்று கொள்வோம். எடுத்தால் அதை அந்தந்த முனையின் மதிப்பில் கழிக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எடை வேண்டும். ஆபத்தில்லாத வட்டி 7 சதவீதம் என்றால், 1.07-இலிருந்து 0.8-ஐக் கழித்து, 1.25-க்கும் 0.8-க்கும் உள்ள வித்தியாசமான 0.45-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.6. இது ஏறு கிளையின் எடை. இறங்கு கிளைக்கு மீதி 0.4. நூல் விலை ஏற 60 சதவீத வாய்ப்பு என்று இதைப் படித்துவிடக் கூடாது. பலர் சறுக்கும் இடம் இது. சந்தை பற்றிய நம் எதிர்பார்ப்பும் பயமும் ஏற்கெனவே அந்த 10 கோடிக்குள் இருக்கின்றன. 12.50-ஐயும் 8-ஐயும் இந்த எடைகளால் பெருக்கிக் கூட்டி 1.07-ஆல் வகுத்தால் அதே 10 கோடி திரும்ப வரும். எடைகளின் வேலை அவ்வளவுதான்.

கணக்கைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். இரண்டாம் ஆண்டின் அடிமுனையில் ஆலையின் மதிப்பு 6.40 கோடி, விற்றால் 8.50, விற்பதே மேல். அங்கிருந்து முதல் ஆண்டின் இறங்கு முனைக்கு வருவோம். தொடர்ந்து ஓட்டினால் 10-க்கு 0.6, 8.50-க்கு 0.4 எடை போட்டு 1.07-ஆல் வகுக்க, 8.79 கோடி. உடனே விற்றால் 9 கோடி. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று இழுத்தால் அந்த முனையில் சுமார் 21 லட்சம் போகும். ஏறு முனையில் மூடத் தேவையே எழாது; அங்கே 12.50 அப்படியே நிற்கும். 12.50-ஐயும் 9-ஐயும் அதே எடைகளோடு இன்றைக்குக் கொண்டுவந்தால் 10.37 கோடி. மூடும் உரிமையின் விலை ஏறக்குறைய 37 லட்சம். 20 லட்சம் இடித்த திட்டம் 17 லட்சம் மிச்சம் காட்டுகிறது.

இந்த 17 லட்சத்தைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போட நான் விடமாட்டேன். முழுக் கணக்கும் 9 கோடி என்ற ஒற்றை எண்ணில் தொங்குகிறது. அந்த எண் பெரும்பாலும் நல்ல சந்தையில் கேட்ட விலை. நூல் விலை சரிந்த ஆண்டில் நம் ஆலை மட்டுமா விற்பனைக்கு வரும்? பக்கத்து ஆலைக்காரரும் ரிங் ஃபிரேமை விற்கத்தான் பார்ப்பார். வாங்கக்கூடியவர்களும் அதே தொழிலில் அடிபட்டிருப்பார்கள். ஷ்லைஃபர், விஷ்னி இருவரும் 1992-ல் விளக்கியது இதைத்தான். இதற்குமேல் தொழிலாளர்களின் கிராஜுவிட்டி, ஆட்குறைப்பு இழப்பீடு, இயந்திரங்களைக் கழற்றி ஏற்றும் கூலி எல்லாம் விற்ற பணத்திலிருந்தே போகும்.

இறங்கு கிளையில் உண்மையில் கைக்கு வருவது முதல் ஆண்டு 8.20, அடுத்த ஆண்டு 7.50 கோடி என்று மாற்றிப் போடுங்கள். முதல் ஆண்டு மூடுவதைவிட ஓட்டுவதே மேல் என்று வரும், 8.41 கோடி. உரிமையின் விலை 15 லட்சமாகச் சுருங்கும். திட்டம் மறுபடி 5 லட்சம் இடிக்கும்.

திட்டம் தேற இறங்கு முனை குறைந்தது 8.54 கோடி பெற வேண்டும். ஆகவே பழைய இயந்திர வியாபாரியிடம் இன்றைய விலையைக் கேட்டுப் பயனில்லை. நூல் கடைசியாக விழுந்த ஆண்டில் இதே மாடல் என்ன விலைக்குப் போனது, விற்க எத்தனை மாதம் பிடித்தது என்று கேட்க வேண்டும். அந்த விலையிலிருந்து தொழிலாளர் பாக்கியையும் கழற்றுக் கூலியையும் கழித்து வருவதைத்தான் இறங்கு முனையில் எழுத வேண்டும்.